டீக்கடை லைசென்ஸுக்கு என்னென்ன குறை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: எல்லைப் பஞ்சாயத்துகளுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்கு எல்லையில் உள்ள கிராமப் பஞ்சாயத்துகளின் தலைவர்கள், உறுப்பினர்கள், செயலாளர்கள், அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் ஊழியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேலந்தாவளம், கோபாலபுரம், நடுப்புணி, மீனாட்சிபுரம் என்று செக்போஸ்ட் இருக்கும் ஊர்களைச் சுற்றி வாழும் தமிழர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவது என் வேலை. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, கட்டட வரி எல்லாம் எழுதுகிறேன். அதிகமாக எழுதுவது சின்னக் கடைகளின் லைசென்ஸ் விண்ணப்பம்தான். அதிலும் டீக்கடை. ஒரு அடுப்பு, ஒரு பாய்லர், நான்கு பெஞ்சு, காலையில் டீயும் வடையும், மதியத்துக்கு மேல் பஜ்ஜி. இந்த அளவுக் கடைக்கு லைசென்ஸ் வாங்க ஏன் மாதக்கணக்காகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கும் காகிதங்களில் வேண்டாதது என்று எதையும் நான் சொல்லவில்லை. தண்ணீர்ப் பரிசோதனை வேண்டும், ஹெல்த் கார்டு வேண்டும், கட்டடம் யாருடையது என்பதும் தெரிய வேண்டும். என் கோரிக்கை, அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்காதீர்கள் என்பதுதான். ஒரு குறையைச் சரிசெய்து கொண்டுவந்த பிறகு அடுத்த குறையைச் சொல்வதால்தான் மக்கள் அலைகிறார்கள், கைக்காசு கரைகிறது. இதை ஒரு கடையை வைத்தே சொல்கிறேன். கடையின் பெயரும் பஞ்சாயத்தின் பெயரும் வேண்டாம். இதே கதை உங்களில் பலருடைய அலுவலகத்திலும் நடந்திருக்கும்.

கணவரை இழந்த ஒரு அக்கா, பொள்ளாச்சி ரோட்டோரம் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்தார். வீட்டு உரிமையாளர் பொள்ளாச்சியில் இருக்கிறார். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, ஒப்பந்தமும் எழுதியாயிற்று. ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வழக்கம்போல 11 மாதத்துக்கு. அடையாள அட்டை, போட்டோ, வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் சம்மதக் கடிதம், கட்டட வரி ரசீது எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பம் போட்டோம். 2025 ஏப்ரலிலிருந்து கிராமப் பஞ்சாயத்துகளிலும் கே-ஸ்மார்ட் வந்துவிட்டதால் விண்ணப்பம் கணினி வழியாகவே போனது.

முதலில் வந்த குறை முத்திரைத்தாளைப் பற்றியது. ஒப்பந்தத்தைப் பொள்ளாச்சியில் தமிழ்நாட்டு முத்திரைத்தாளில் எழுதியிருந்தார்கள். கட்டடம் இருப்பதோ கேரளத்தில். இங்குள்ள கட்டடத்தைப் பற்றிய ஆவணத்தை எங்கே உட்கார்ந்து எழுதினாலும் கேரள முத்திரை வரி கட்டியாக வேண்டும். அதனால் அந்த ஒப்பந்தத்தை ஏற்க முடியாது என்றார்கள். சட்டப்படி அது சரி. ஆனால் எங்கள் பக்கம் இது எப்போதும் நடப்பது. நிலம் இங்கே, நிலக்காரர் அங்கே. பத்திரம் எழுதுகிறவர் பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார், கையில் இருக்கும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். "ஒப்பந்தம் கேரள முத்திரையில் இருக்க வேண்டும்" என்று உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி இருந்தால் போதும், எல்லைக் கிராமங்களில் பாதிப் பேர் இந்தத் தடையைத் தாண்டிவிடுவார்கள். அக்கா உரிமையாளரைத் திரும்ப வரவழைத்து, இங்கே புதிய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்.

அடுத்து வந்ததுதான் பெரியது. வரி ரசீதில் அந்தக் கட்டடம் வீடு என்றே பதிவாகியிருந்தது. குடியிருப்பு என்று எண் போட்ட கட்டடத்தின் ஓர் அறையில் டீக்கடை நடத்த வேண்டுமானால், அந்த அறையின் உபயோகத்தை வணிகத்துக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் உரிமையாளர். வாடகைக்கு இருப்பவர் எத்தனை முறை நடந்தாலும் நடக்காது. உபயோகம் மாறினால் கட்டட வரியும் வீட்டு வரி விகிதத்திலிருந்து கடை விகிதத்துக்கு ஏறும். உரிமையாளருக்கு அதில் விருப்பமில்லை. "உங்களுக்குக் கடை வேணும்னா எனக்கு எதுக்குங்க்கா வரி ஏறணும்?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. கடைசியில் கூடுதல் வரியை வாடகையோடு சேர்த்து அக்காவே தருவதாகப் பேசி முடித்தோம். அதற்குள் பல வாரங்கள் போய்விட்டன. கடை திறக்காமலே வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டுகிறேன். ஒரு அறை கடைக்கு ஆகுமா ஆகாதா என்பது உங்கள் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கதவு எண்ணைச் சொன்னால் வீடா கடையா என்று ஊழியர் அங்கேயே பார்த்துச் சொல்லிவிடலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒருவர் வந்து, "வார்டு இது, எண் இது, இதில் டீக்கடை போடலாமா?" என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு ஏற்பாடு வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கினாலும் மகிழ்ச்சியாகக் கொடுப்போம். லைசென்ஸ் விஷயத்தில் ஏழைக்கு அதிகப் பணம் போவது கட்டணத்தில் அல்ல. தவறான அறைக்குக் கொடுத்த அட்வான்ஸிலும், பூட்டிக் கிடக்கும் கடைக்குக் கொடுக்கும் வாடகையிலும்தான் போகிறது. கதவு எண் பற்றி இன்னொன்று. வார்டு மறுவரையறைக்குப் பிறகு பல இடங்களில் வார்டு எண் மாறிவிட்டது. பழைய ரசீதில் ஒரு எண், புதிய பட்டியலில் வேறு எண். எந்த எண்ணை எழுதுவது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதையும் அந்த முதல் நாளிலேயே தீர்த்துவிடலாம்.

மூன்றாவது தண்ணீர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். நம் கிழக்குப் பகுதி மழை குறைந்த பகுதி, போர்வெல்லை நம்பி இருக்கிறோம். இந்த நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை, பிறகு எலும்பு, மூட்டு. "டீக்கடைதானே, தண்ணியைக் கொதிக்க வைக்கிறோமே, எதுக்குப் பரிசோதனை?" என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற, மீதி இருக்கும் நீரில் அது அடர்த்தியாகத்தான் ஆகும். போதாததற்குத் தேயிலையிலும் இயல்பாகவே புளோரைடு உண்டு. காலை முதல் பாய்லரில் கொதித்துக்கொண்டிருக்கும் போர்வெல் தண்ணீரை நினைத்துப் பாருங்கள்.

அந்த அக்காவின் தண்ணீர் மாதிரியை லேபில் முதலில் வாங்கவே இல்லை. கழுவிய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொண்டுபோயிருந்தார். கிருமிப் பரிசோதனைக்கு லேபே தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் ஆகும். குழாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தையும் பாட்டிலின் வாயையும் கை தொடாமல் பிடித்து மூட வேண்டும். பிறகு ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் அந்தக் குளோரினை முறிக்கும் மருந்து ஏற்கெனவே பாட்டிலில் போட்டிருப்பார்கள். அதனால் பாட்டிலை அலசக் கூடாது. ரசாயனப் பரிசோதனைக்குத் தனிப் பாட்டில். இதை யாருமே அவரிடம் சொல்லவில்லை. "தண்ணீர் ரிப்போர்ட் கொண்டு வாங்க" என்பதோடு சரி.

இரண்டாம் முறை கொடுத்த மாதிரியில் கிருமி இல்லை. புளோரைடு 1.5ஐத் தாண்டியிருந்தது. அப்புறம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. விண்ணப்பம் அப்படியே கிடந்தது. கடைசியில் சுகாதார ஆய்வாளர்தான் நேரில் வந்து பார்த்து ஒரு வழி சொன்னார். டீக்கும் குடிக்கவும் வடை மாவுக்கும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர், பாத்திரம் கழுவவும் கை கழுவவும் போர்வெல் தண்ணீர். இரண்டுக்கும் தனித்தனி டிரம், குடிநீர் டிரம்முக்கு மூடியும் குழாயும். குழாய்த் தண்ணீருக்குப் புதிதாக ரிப்போர்ட் எடுத்தோம். அந்த ஆய்வாளர் செய்தது ரொம்ப நல்ல வேலை. அதே யோசனையை எழுத்தில் எல்லா டீக்கடைக்கும் முன்னாலேயே கொடுத்தால், போர்வெல் தண்ணீரைப் பரிசோதித்துத் தோற்று, பிறகு குழாய்த் தண்ணீருக்கு வரும் இந்தச் சுற்று யாருக்கும் வேண்டியதில்லை.

நான்காவதாக உணவுப் பாதுகாப்புப் பதிவு. சின்ன டீக்கடைக்கு முழு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். அக்கா எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான். foscos.fssai.gov.in என்ற தளத்தில் போட்டோவும் அடையாள அட்டையும் கொடுத்தால் 14 இலக்க எண்ணோடு சான்று வரும். இதை அவர் ஆர்வத்தில் எல்லாவற்றுக்கும் முன்னதாகவே எடுத்து வைத்திருந்தார், தன் வீட்டு முகவரியில். இந்தப் பதிவு கடை நடக்கும் இடத்துக்கு உரியது. முகவரி பொருந்தவில்லை என்று புதிதாக ஒன்று எடுக்கச் சொன்னார்கள். கதவு எண் முடிவான பிறகு இதை எடுக்க வேண்டும் என்ற வரிசை தெரிந்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். ஹெல்த் கார்டிலும் இப்படித்தான். 2023 முதல் கேரளத்தில் உணவைக் கையாளும் எல்லோருக்கும் அது கட்டாயம். டாக்டர் உடம்பையும் தோலையும் கண்ணையும் பார்த்து, டைபாய்டு தடுப்பூசி போட்டதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார், ஓராண்டுக்குச் செல்லும். அக்கா தனக்கு மட்டும் எடுத்திருந்தார். காலையில் வந்து வடை சுடும் பெண்ணுக்கும் வேண்டும் என்பது ஆய்வு நாளில்தான் தெரிந்தது.

பணம் பற்றி இரண்டு வார்த்தை. லைசென்ஸ் கட்டணம் அரசு விதித்த அட்டவணைப்படி. தொழில் வரி அதற்குத் தனி, அரையாண்டுக்கு ஒரு முறை, வருமானத்தைப் பொறுத்து. அரசியல் சட்டப்படி அது ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. குப்பை எடுக்கும் ஹரித கர்ம சேனைக்கு எங்கள் பக்கம் கடைக்கு மாதம் 100 ரூபாய். அந்த ரசீதையும் லைசென்ஸோடு சேர்த்துக் கேட்கிறார்கள். லேப் கட்டணம் தனி. எல்லாமே நியாயமான பணம்தான். ஆனால் எது லைசென்ஸுக்கு, எது வரிக்கு, எது குப்பைக்கு என்று சொல்லாமல் "இவ்வளவு கட்டுங்க" என்றால், கேட்பவருக்கு எல்லாமே லஞ்சம் மாதிரித் தோன்றுகிறது. இடையில் நிற்கும் புரோக்கர்கள் அந்தக் குழப்பத்தில்தான் சம்பாதிக்கிறார்கள். எந்தத் தொகை எதற்கு என்று தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். அவர்கள் பிழைப்பு அன்றோடு போகும்.

இப்போது சட்டம். கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம், 1994-இன் 236ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. லைசென்ஸ் விண்ணப்பம் கிடைத்து 30 நாளுக்குள், அல்லது விதிகள் அதைவிட நீண்ட காலம் கொடுத்திருந்தால் அதற்குள், முடிவைத் தெரிவிக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருத வேண்டும் என்கிறது. வழக்கமான எல்லா நிபந்தனைகளுக்கும் உட்பட்டுத்தான். படிக்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் சின்ன டீக்கடைக்கு இது உதவுவதில்லை. ஒரு குறை என்று விண்ணப்பம் திரும்பி வந்தால், சரிசெய்து மறுபடி கொடுக்கும் நாளிலிருந்துதான் எண்ணுவோம் என்கிறார்கள். நான்கு குறை நான்கு தடவையாக வந்தால் அந்த 30 நாள் முடிவதே இல்லை. முடிந்தாலும், "கொடுத்ததாகக் கருதப்படும் லைசென்ஸ்" என்று காட்ட அக்காவின் கையில் ஒரு காகிதமும் இருக்காது. முத்ரா கடன் கேட்டுப் போனால் பேங்க் மேனேஜர் அதை ஏற்கப் போவதில்லை. அதனால் எங்களுக்கு வேண்டியது அந்தக் கருதல் அல்ல, நேரான பதில்தான். விண்ணப்பம் வந்த ஒரு வாரத்துக்குள் எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். அதில் சொல்லாத குறையைப் பிறகு காரணமாக்கி விண்ணப்பத்தைத் திருப்பக் கூடாது. நேரில் ஆய்வு செய்யும்போதுதான் தெரியும் என்றால், அந்த ஆய்வையும் முதலிலேயே வையுங்கள். கட்டடம், தண்ணீர், கழிவுநீர் போகும் வழி மூன்றையும் ஒரு வருகையில் பார்த்துவிடலாம்.

அந்தக் கடிதம் தமிழில் வர வேண்டும். இதை நான் சலுகையாகக் கேட்கவில்லை. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில், அங்குள்ள அரசு அலுவலகங்களோடு தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே எழுதி வைத்தது. குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆம் உறுப்பு சொல்கிறது. எங்களில் பலர் மலையாளம் நன்றாகப் பேசுவோம், சந்தையில் பேரம் பேசுவோம், ஆஸ்பத்திரியில் பேசுவோம். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்த ஒருவர், 'உபயோக மாற்றம்' பற்றி அலுவலக மலையாளத்தில் எழுதிய நான்கு வரிக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு விஷயம். அந்த அக்கா அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். வீட்டு வரி பாக்கி இருக்கிறது போல என்று நினைத்து, முந்தைய நாள்தான் பழைய ரசீதுகளைத் தேடி எடுத்து வைத்திருந்தார். குறையே என்னவென்று தெரியாமல் அதை எப்படித் தீர்ப்பது?

அலுவலகத்தில் ஆள் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஒரே கிளார்க் லைசென்ஸும் பார்த்து, வரியும் பார்த்து, கிராமசபைக்கும் ஓடுகிறார். அதனால்தான் வேலையைக் கூட்டும் எதையும் நான் கேட்கவில்லை. ஒரே விண்ணப்பத்தை நான்கு தடவை திறந்து பார்ப்பதைவிட ஒரு தடவை முழுதாகப் பார்ப்பது அவருக்கும் மிச்சம்.

டீக்கடைக்கு மட்டும் என்று நான் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு தயாரித்திருக்கிறேன். அறையின் கதவு எண்ணையும் உபயோகத்தையும் பஞ்சாயத்தில் பார்ப்பதில் தொடங்கி, கேரள முத்திரையில் ஒப்பந்தம், எந்தத் தண்ணீர் எதற்கு, மாதிரி எடுக்கும் விதம், வேலை செய்யும் எல்லோருக்கும் ஹெல்த் கார்டு, கடை முகவரியில் உணவுப் பாதுகாப்புப் பதிவு, கடைசியாகக் கட்டணம் என்று, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் செயலாளர்கள் பார்த்துத் திருத்தி, பஞ்சாயத்து முத்திரை போட்டு ஒட்டினால் போதும். அச்சடிக்கும் செலவை நாங்கள் சில கடைக்காரர்கள் சேர்ந்து ஏற்றுக்கொள்கிறோம். லைசென்ஸ் ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது, புதுப்பிக்க 30 நாள் முன்னதாகவே விண்ணப்பம் வர வேண்டும். அப்படியானால் பிப்ரவரியில் கூட்டம் தொடங்கிவிடும். அதற்கு முந்தைய பஞ்சாயத்துக் கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கூப்பிட்டால் குறிப்போடு நேரில் வந்து விளக்குகிறேன்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகா எல்லைக் கிராமங்களில் விண்ணப்பம் எழுதித் தருபவன்